பழைய போர்டுல ஆசிட் வச்சு தங்கம் எடுக்குறது: போன இதழ் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல, பழைய கம்ப்யூட்டர் போர்டு, செல்போன் போர்டெல்லாம் வாங்கி ஆசிட்ல போட்டு தங்கம் எடுக்குறவங்கள பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. அவங்க படுற பாட்ட நல்லாவே எழுதியிருந்தாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா நடுவுல, காத்தோட்டமான இடத்துல வச்சு, மூக்குல துணி கட்டிக்கிட்டு, கடைசில மிச்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டு ஊத்திட்டா பெருசா பயமில்லங்கிற மாதிரி ஒரு பத்தி வருது பாருங்க, அத படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நான் உலோகம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்குறவன், நைட்ரிக் ஆசிட் தினமும் கையில புழங்குற பொருள், அதனால அந்த பத்திய நம்பி யாராவது வேலையில இறங்கிடக் கூடாதேன்னு தான் இந்த கடிதம்.

முதல்ல புகை. தங்கத்த நைட்ரிக் ஆசிட் மட்டும் கரைக்காது, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் சேர்த்து ராஜ திராவகமா ஆக்கினா தான் கரையும். அதுல போர்டோட செம்பு பட்டதும் செங்காவி நிறத்துல ஒரு புகை கிளம்பும், அது நைட்ரஜன் டை ஆக்சைடு. ஹைட்ரோகுளோரிக் ஆவி, குளோரின் எல்லாம் பட்ட உடனே கண்ணு எரியும், தொண்டை கமறும், ஆளு தானா எட்டி ஓடிருவான், அந்த எரிச்சலே ஒரு வகையில காவல். இந்த செங்காவிப் புகை அப்படி இல்ல, இது தண்ணில சீக்கிரம் கரையாத வாயு, அதனால மூக்கு தொண்டையோட நிக்காம நேரா நுரையீரலோட அடி வரைக்கும் போயிரும், போறப்ப லேசா ஒரு இருமல், கொஞ்சம் தலைவலி, அவ்வளவு தான். வேலைய முடிச்சு வீட்டுக்குப் போயி சாப்பிட்டு படுப்பாரு, பல மணி நேரம் கழிச்சு, சிலருக்கு மறுநாள் கூட, நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு முட்டும். அந்த நேரத்துல டாக்டர்கிட்ட போறவரு காலைல பிடிச்ச புகைய சொல்லவே மாட்டாரு, ஏன்னா அவரு கணக்குல அது அப்பவே சரியாப் போச்சு, டாக்டரும் நிமோனியாவா ஆஸ்துமாவான்னு தேடிட்டு இருப்பாரு. இதுல பொழைச்சு வந்தவங்களுக்கும் சில வாரம் கழிச்சு சின்ன மூச்சுக்குழாய்கள்ல தழும்பு விழுந்து ரெண்டாவது தடவை மூச்சுத் திணறல் வர்றதுண்டு. துணி, தூசிக்கு போடுற மாஸ்க் எதுவும் வாயுவ தடுக்காது. ஃபேன் வச்சா புகை பக்கத்து வீட்டுக்குப் போகும், வேற ஒண்ணும் ஆகாது. அதுலயும் இது காத்த விட கனமான வாயு, மூடின ரூம்ல தரையோட தேங்கி நிக்கும், குனிஞ்சு உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கும் அங்கயே விளையாடுற குழந்தைக்கும் தான் மொதல்ல போகும்.

அடுத்தது தண்ணி. இதுக்கு ஒரு கணக்கு போட்டு பாருங்க, பேப்பர்லயே போட்டுரலாம். ஒரு கிலோ போர்டுல தோராயமா 200 கிராம் செம்பு இருக்கும், பாதி கண்ணாடி நார் அட்டைக்கு உள்ள மாட்டிக்கிட்டு கரையலன்னே வைங்க, 100 கிராம் ஆசிட்ல இறங்குது. குடிதண்ணில செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்ப அந்த 100 கிராமை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க 50,000 லிட்டர் தண்ணி வேணும், ஒரே ஒரு கிலோ போர்டுக்கு. ஈயத்துக்கு போட்டா இன்னும் மோசம், 2006க்கு முன்னாடி வந்த போர்டுகள்ல சால்டர்னாலே பெரும்பாலும் வெள்ளீயமும் ஈயமும் கலந்தது தான், கிலோவுக்கு 10 கிராம் ஈயம்னு குறைச்சு வச்சாலும், ஈயத்துக்கான அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஆக 10 லட்சம் லிட்டர். மீனுக்கும் தண்ணிப் பூச்சிக்கும் செம்பு நமக்கு ஆகாத அளவ விட எத்தனையோ மடங்கு கம்மியிலயே விஷம்ங்கிறத இதுல நான் சேர்க்கவே இல்ல.

சரி சுண்ணாம்பு போட்டா அடங்கிராதான்னு கேப்பாங்க. சுண்ணாம்பு ஆசிட்டத் தான் அடக்கும், உலோகத்த எங்கயும் மறைய வைக்காது. ஒவ்வொரு உலோகமும் தண்ணிலேர்ந்து பிரிஞ்சு அடியில படியுறதுக்கு ஒவ்வொரு காரத்தன்மை வேணும், செம்பு பிஎச் 8, 9 கிட்ட படியும், நிக்கலுக்கு 10 கிட்ட போகணும், ஆனா நம்ம ஆளுங்க பிஎச் பேப்பர்ல 7 காட்டினதும் நிறுத்திட்டு சாக்கடைல ஊத்திருவாங்க. தங்கமுலாம் உரிக்கிற கலவைல அமோனியா மாதிரி எதாவது சேர்ந்திருந்தா செம்பு அத கெட்டியா பிடிச்சுக்கிட்டு படியவே படியாது, தண்ணி தெளிஞ்ச அப்புறமும் ஆழமான நீல நிறத்துல நின்னுச்சுன்னா செம்பு இன்னும் அதுக்குள்ளயே இருக்குன்னு அர்த்தம். ஒருவேளை ஒழுங்காவே படிஞ்சாலும் அடியில மிஞ்சுற சேறு எங்க போகுது, கொல்லையில தானே, நாளைக்கு அதே இடத்துல இன்னொரு தடவை ஆசிட்ட கொட்டினா சேத்துல இருந்த உலோகம் மறுபடி கரைஞ்சு நிலத்தடில இறங்கிரும். இதுல இன்னொரு ஆபத்து, சில இடத்துல கனெக்டர் பின்னு மேல உள்ள தங்கத்த சயனைடு வச்சு உரிக்கிறாங்க, அந்தத் தண்ணியும் ஆசிட் தண்ணியும் ஒரே வாய்க்கால்ல கலந்தா ஹைட்ரஜன் சயனைடு வாயு வந்து நின்ன இடத்துலயே ஆள் விழலாம்.

இதெல்லாம் பேப்பர் கணக்கு மட்டும் இல்ல. சீனால குய்யூன்னு ஒரு ஊரு, பல வருஷம் உலகத்தோட மின்னணு குப்பைக்கே தலைநகரம்னு பேரு எடுத்தது, ஆத்தங்கரையிலயே ஆசிட் தொட்டி வச்சு போர்டு கரைச்சாங்க, கெணத்து தண்ணி கெட்டுப்போய் குடிக்க வெளியூர்லேர்ந்து லாரில தண்ணி வந்துச்சு. அங்க உள்ள குழந்தைங்க ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாத்த ஆய்வு 2007ல வெளிவந்துச்சு, சராசரி டெசிலிட்டருக்கு 15.3 மைக்ரோகிராம், அந்த வேலை இல்லாத பக்கத்து ஊர்ல 9.9. ஆசிட் மட்டும் இதுக்குக் காரணம் இல்ல, அடுப்புல போர்ட சூடு பண்ணி சால்டர உருக்குற புகையும், அப்பா அம்மா சட்டையில ஒட்டிட்டு வீட்டுக்கு வர்ற தூசியும் சேர்ந்தது தான்.

இப்ப கட்டுரைல விட்டுப்போன முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், பணம். இவ்வளவு விலை குடுத்து எடுக்குற தங்கமாவது முழுசா கைக்கு வருதான்னா அதுவும் இல்ல. பெங்களூர்ல இந்த மாதிரி சின்னப் பட்டறைகள அளந்து பாத்ததுல போர்டுல உள்ள தங்கத்துல கிட்டத்தட்ட கால்வாசி தான் வந்துச்சு, உலோகத்த உருக்கிப் பிரிக்கிற பெரிய ஆலையான ஸ்மெல்ட்டர்ல 95 சதவீதம் வரைக்கும் எடுக்குறாங்க. காரணம் சிம்பிள், பட்டறைல கண்ணுக்குத் தெரியிற பின்னு, முலாம் பூசின ஓரம் இதத்தான் பிரிச்சு எடுப்பாங்க, ஐசி சிப்புக்குள்ள முடிய விட மெல்லிசா ஓடுற தங்கக் கம்பி பிளாஸ்டிக்குக்குள்ள புதைஞ்சு கிடக்கும், ஆசிட் அங்க எட்டாது. கரைஞ்ச தங்கமும் மிச்சம் இருக்குற செம்பு மேல மறுபடி ஒட்டிக்கிட்டு சக்கையோட வெளிய போயிரும். டன்னுக்கு 200 கிராம் தங்கம் இருக்குற போர்டுன்னு எடுத்துக்கிட்டா பட்டறைல 50 கிராம், ஸ்மெல்ட்டர்ல 190 கிராம். கெப்பாசிட்டர்ல உள்ள பல்லேடியம், வெள்ளி, வெள்ளீயம் முக்கால்வாசி சாக்கடைக்குத் தான்.

அந்த ஸ்மெல்ட்டர்ல என்ன தான் பண்றாங்கன்னா, போர்ட ஆசிட்ல போடாம மொத்தமா உலையில உருக்குறாங்க. உருகின செம்பு, தங்கம் வெள்ளி பல்லேடியம் எல்லாத்தையும் தனக்குள்ள இழுத்து வச்சுக்கும், அப்புறம் செம்ப மின்சாரம் வச்சு பிரிச்சுட்டு மிச்சத்த தனித்தனியா சுத்திகரிப்பாங்க. போர்டோட பிளாஸ்டிக் அங்க எரிபொருளாவே போயிரும், டயாக்சின்ங்கிற நச்சு வராம இருக்க புகைய வேகமா குளிர வச்சு கழுவுறாங்க. பெல்ஜியத்துல ஹோபோக்கன்ல யூமிகோர், ஸ்வீடன்ல ரோன்ஷேர்ல போலிடன், இதெல்லாம் பல வருஷமா செய்யுறாங்க. கடைசிக் கட்டத்துல அவங்களும் ஆசிட் தொடத்தான் செய்யுறாங்க, ஆனா மூடின கலன்ல, புகைய உறிஞ்சிக் கழுவுற ஸ்க்ரப்பரோட, கழிவுத் தண்ணிய உலோகம் உலோகமா பிரிச்சு அளந்து தான் வெளிய விடணும். உலையே இல்லாத வழியும் இப்ப வந்திருக்கு, பிரிட்டன்ல நாணயம் அடிக்கிற ராயல் மின்ட் 2024ல வேல்ஸ்ல வருஷத்துக்கு 4,000 டன் போர்டு வரைக்கும் கையாளுற ஒரு ஆலை திறந்திருக்காங்க, அதுல தங்கத்த சாதாரண வெப்பநிலையிலயே கரைச்சு எடுக்குறாங்க. இந்தியாவுல 2023 ஏப்ரல்லேர்ந்து நடைமுறைல இருக்குற விதிப்படி உற்பத்தியாளருங்க பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள்கிட்ட இவ்வளவு கழிவு மறுசுழற்சி ஆச்சுன்னு சான்றிதழ் வாங்கியே ஆகணும். இத சொல்றதால பெரிய ஆலைன்னா சுத்தம்னு நான் சொல்ல வரல, ஹோபோக்கன்லயே ஆலைக்கு பக்கத்துல குடியிருந்த குழந்தைங்க ரத்தத்துல ஈயம் ஏறினது பெரிய பிரச்சனையாச்சு. ஆனா அங்க அளக்குறதுக்கு ஆள் இருக்கு, அளந்தத வெளிய சொல்லியாகணும், கொல்லைப்புற பட்டறைல அளக்குறதே கிடையாது.

அப்ப சின்ன ஆளு ஏன் போர்ட அப்படியே ஸ்மெல்ட்டருக்கு வித்துரல? விக்க முடியாது, அது தான் சிக்கல். பெரிய ஆலை டன் கணக்குல தான் எடுக்கும், வந்த சரக்க அரைச்சு கலந்து சாம்பிள் எடுத்து உருக்கி சோதிச்ச அப்புறம் தான் விலை, பணம் கைக்கு வர மாசக்கணக்காகும், சுத்திகரிப்பு கூலி வேற கழிப்பாங்க. ஆசிட்ல போட்டா ரெண்டு நாள்ல காசு. போர்டு நாடு தாண்டிப் போகணும்னா 2025 ஜனவரிலேர்ந்து, ஆபத்தான கழிவு நாடு தாண்டுறத கட்டுப்படுத்துற பேசல் ஒப்பந்தப்படி எல்லா மின்னணு கழிவுக்கும் ரெண்டு பக்க அரசும் முன்கூட்டியே ஒப்புதல் குடுக்கணும், அந்த பேப்பர் வேலைய தனி ஆளு எப்படி பாப்பான். அதனால நடுவுல ஒரு ஆள் வேணும், கழட்டிப் பிரிக்கிற வேலை தெரிஞ்சவங்ககிட்டேர்ந்து போர்ட தரம் பிரிச்சு அன்னைக்கே காசு குடுத்து வாங்கி, டன் சேந்ததும் ஆலைக்கு அனுப்புற கூட்டுறவோ பதிவு பெற்ற நிறுவனமோ. கையால கழட்டுறதுல இவங்கள எந்த மெஷினும் அடிச்சுக்க முடியாது, அரைக்கிற மெஷின்ல தங்கம் தூசியாப் போற நஷ்டம் கூட கையில இல்ல, அதனால அந்த வேலை அவங்ககிட்டயே இருக்கட்டும், ஆசிட் மட்டும் அவங்க கைய விட்டுப் போகணும். ஒண்ணு மட்டும் கறாரா இருக்கணும், கழட்டுறவருக்கு கிடைக்கிற விலை ஆசிட்ல கிடைக்கிற அந்த கால்வாசிய விட கூட இருக்கணும், இல்லாட்டி போர்டு ராத்திரியே தொட்டிக்குத் திரும்பிரும்.

அடுத்த இதழ்ல அந்த சுண்ணாம்பு, துணி வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க சார். அதோட, செங்காவிப் புகைய பிடிச்சவரு நல்லா இருக்குற மாதிரி தெரிஞ்சாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி "நைட்ரிக் ஆசிட் புகை"ன்னு வாய விட்டு சொல்லி ஒரு நாளாவது கண்காணிப்புல இருக்கணும், அத கட்டம் கட்டி போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
லேப்ல வேலை பாக்குற உங்க வாசகன்