சராசரி 15, கைக்கு வந்தது 6கூட இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பா நெல் விற்ற பணத்தில் இரண்டு லட்சத்தை ஒரு பங்குச்சந்தைத் திட்டத்தில் போட்டேன். முதல் ஆண்டு 60 சதவீதம் ஏறி 3,20,000 ஆனது. அடுத்த ஆண்டு 30 சதவீதம் இறங்கியது. அந்த 30, போட்ட இரண்டு லட்சத்தில் அல்ல, பெருகி நின்ற 3,20,000-இல் கழிந்தது. அதாவது 96,000 ரூபாய். மீதி 2,24,000.

முகவர் தந்த தாளிலோ 'சராசரி ஆண்டு வருமானம் 15%' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 60-இல் 30 போக மீதி 30, அதில் பாதி 15, கணக்கில் பொய்யில்லை. ஆனால் ஆண்டுதோறும் 15 சீராகக் கிடைத்திருந்தால் கையில் 2,64,500 இருக்க வேண்டுமே! இரண்டு லட்சத்தை இரண்டு ஆண்டில் 2,24,000 ஆக்கும் சீரான ஆண்டு வளர்ச்சி, அதாவது எனக்கு உண்மையில் கிடைத்த கூட்டு விகிதம், 5.8 சதவீதம் தான். குறைந்த 40,500-ஐ யாரும் எடுக்கவில்லை, ஏற்ற இறக்கமே தின்றுவிட்டது. ஆட்டம் கூடக்கூட இந்த இடைவெளியும் விரியும். 50 சதவீதம் விழுந்த பணம் பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும்.

எங்கள் டெல்டாவில் அறுவடைப் பணத்தைத் தேடி இத்தகைய தாள்கள் இப்போது நிறைய வருகின்றன. சராசரியைக் காட்டுபவரிடம் சி.ஏ.ஜி.ஆர். எனும் கூட்டு வளர்ச்சி விகிதத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு விவசாயி,
மன்னார்குடி