ஆறு பக்கம் எண்ணிய கல்

அன்பு மச்சான்,

நீ அனுப்பிய படம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே கிடைத்தது. உடனே பதில் போடாததற்குக் கோபப்படாதே, பேராதனையில் மூன்று நாள் விடாத மழை, கரண்டும் போய்ப் போய் வந்தது. அதோடு, உன் அக்கா மகன் அந்தக் கல்லை நம்பிக் கடன் வாங்கி மலையில் குழி வெட்டப் போகிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபிறகு அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது என்று கேட்டு சந்தோஷம்.

சரி, கல்லுக்கு வருகிறேன். மண்சரிவில் ரோட்டோரம் விழுந்த பாறையில் சிவப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, எண்ணிப் பார்த்தால் ஆறு பக்கம், மாணிக்கம் ஆறு பக்கமாகத்தான் வளரும், அதனால் இது மாணிக்கம். இதுதான் நீ எழுதியது. நம்ம நாட்டில் மாணிக்கக்கல் என்றால் எல்லா இரத்தினக்கல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், நீ சொல்வது சிவப்பு ரூபியை என்று எடுத்துக்கொள்கிறேன். அது ஆறு பக்கமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் ஆறு பக்கம் தெரிகிற சிவப்புக் கல்லெல்லாம் ரூபி ஆகாது. உன் முதல் படத்தில் ஏமாற்றியது அந்த இடம்தான்.

வீட்டில் பிள்ளைகளின் லூடோ கட்டை இருக்கும், அதை எடு. ஒரு மூலை உன் கண்ணுக்கு நேரே வரும்படி பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை மட்டும் பார். சதுரக் கட்டைதான், ஆனால் வெளிக்கோடு ஆறு பக்கமாகத் தெரியும். கார்னெட் என்கிற இன்னொரு சிவப்புக் கல்லும் இதையே செய்யும். நம்ம மலைப் பாறைகளில் அது நன்றாக வளர்ந்திருந்தால் பன்னிரண்டு முகம் இருக்கும், ஒவ்வொன்றும் சாய்சதுரம். ஒரு பக்கமிருந்து பார்த்தால் அதன் வெளிக்கோடும் ஆறாகத்தான் எண்ண வரும். வித்தியாசம் ஓரத்தில் கிடையாது, நடுவில். கார்னெட்டில் மூன்று சாய்சதுரங்கள் வந்து நடுவில் ஒரு புள்ளியில் சந்திக்கும், அந்த இடம் கூம்பி நிற்கும். ரூபியை மேலிருந்து பார்த்தால் நடுவில் தட்டையான ஆறு பக்க மேசை இருக்கும், சிலவற்றில் அதன்மேல் சின்னச் சின்ன முக்கோண வரைகளும் தெரியும். அந்த மேசை இருக்கிறதா, கூம்பு இருக்கிறதா என்பதை உன் முதல் படம் சொல்லவில்லை, ஏனென்றால் பிளாஷ் வெளிச்சம் சரியாக அதே நடுவில் விழுந்து வெள்ளைப் பொட்டாக நின்றுவிட்டது. மஞ்சள் பல்பின் கீழே, கல்லை நனைத்துவிட்டு எடுத்திருக்கிறாய், அதனால் நிறமும் நிஜமில்லை, பளபளப்பும் நிஜமில்லை. நனைத்தால் எந்தக் கல்லும் கண்ணாடி மாதிரித்தான் மின்னும்.

அதனால்தான் திங்கட்கிழமை அந்த மெசேஜ் போட்டேன். காலை எட்டு மணிக்கு, வெயில் நேரே படாத வராந்தாவில், வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து, பிளாஷ் இல்லாமல் எடு என்று. காகிதம் படத்தில் வெள்ளையாக வந்தால்தான் சிவப்பும் அதன் நிஜ நிறத்தில் வந்திருக்கும். காய்ந்த நிலையில் ஒன்று, கல்லை மெல்லச் சாய்த்துச் சாய்த்து மூன்று, பாறையின் புதிதாக உடைந்த முகத்தில் ஒன்று. நீ பொறுமையாக எல்லாம் எடுத்து அனுப்பினாய், அதற்கு நன்றி மச்சான், அந்த ஐந்தும் இருந்ததால்தான் இந்தக் கடிதமே எழுத முடிகிறது.

சாய்த்து எடுத்த இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். அடிக்கோல்படி அந்தச் சிவப்பு மணி கிட்டத்தட்ட எட்டு மில்லிமீற்றர். நடுவில் மேசை இல்லை, மூன்று முகங்கள் கூடும் மூலை தெளிவாகத் தெரிகிறது. மேலே ஒரு துண்டு பெயர்ந்த இடம் இருக்கிறதே, அது சிப்பியின் உள்பக்கம் போல வளைந்து உடைந்திருக்கிறது. ரூபி உடைந்தால் சில நேரம் தட்டையாக, படிப்படியாகப் பிரிந்த மாதிரி இருக்கும், அந்தப் படி இங்கே எங்கும் இல்லை. நிறம் கொஞ்சம் ஊதா கலந்த கபிலச் சிவப்பு, தடித்த இடத்தில் ஏறக்குறைய கறுப்பு, மெல்லிய ஓரத்தில் மட்டும் திராட்சைப் பழச்சாறு. எனக்கு இங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நிறத்தை நான் கடைசியாகத்தான் நம்புவேன், ஒரே கல்லுக்கு இருபது நிறம் உண்டு, இருபது கல்லுக்கு ஒரே சிவப்பும் உண்டு.

மீதிப் பாதி சிவப்பு மணியில் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற பாறையில் இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதே இல்லை, சிவப்பு வந்துவிட்டால் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். உடைந்த முகத்தின் படத்தில் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் இடையில் வரிவரியாக ஓடுகிறது அல்லவா, அந்த வரிகள் மணியிடம் வந்ததும் ஆற்றுத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவது போல வளைந்து போகின்றன. அந்த வரிகளில் இரண்டு வகை வெள்ளை இருக்கிறது. கல்லைச் சாய்க்கும்போது சட்டென்று தட்டையாகப் பளிச்சிட்டு, அடுத்த படத்தில் அணைந்துவிடுகிற பால்வெள்ளை ஒன்று, அது பெல்ஸ்பார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் பளிச்சிடாமல், உடைந்த சோடாப் போத்தல் துண்டு மாதிரி மங்கிய சாம்பலாக, உருவமே இல்லாமல் இடுக்குகளை நிரப்பிக்கொண்டிருப்பது குவார்ட்ஸ், அதாவது படிகக்கல். இடையிடையே கறுப்பாக மின்னும் மெல்லிய செதில்கள் மைக்கா. அவற்றில் சில வெயில் மழை பட்டுப் பொன்நிறமாகிவிட்டன, மருமகனிடம் அதையும் சொல்லிவிடு, தங்கம் என்று அடுத்த வாரம் இன்னொருவன் கிளம்பி வருவான்.

அந்தக் குவார்ட்ஸ்தான் சாட்சி. ரூபி என்பது அலுமினியமும் ஒட்சிசனும் மட்டும் சேர்ந்தது, சிவப்பு நிறம் சொட்டுக் குரோமியத்தால் வருகிறது. குவார்ட்ஸ் முழுக்கச் சிலிக்கா. பாறை பூமிக்கடியில் வெந்துகொண்டிருக்கும்போது அங்கே மிச்சச் சிலிக்கா இருந்தால், அலுமினியம் அதோடு கூடி வேறு கனிமமாகிவிடும், தனியே ரூபியாக நிற்பது அபூர்வத்திலும் அபூர்வம். அதனால் குவார்ட்ஸ் மணியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிவப்பைக் கண்டால் ரூபி என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். கார்னெட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதற்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது, குவார்ட்ஸோடு சமாதானமாகக் குடியிருக்கும். இதே சிவப்பு மாத்தளை, திகன பக்கத்து வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில் இருந்து வந்திருந்தால் நான் இப்படிப் பேசமாட்டேன், அங்கே ஸ்பினல் என்கிற வேறொரு சிவப்புக் கல் இருக்கலாம், அதன் உருவம் இரண்டு கூர்க்கோபுரங்களை அடியோடு அடி ஒட்டிய மாதிரி, முகமெல்லாம் முக்கோணம். எங்கே கிடைத்தது என்று முதலில் கேட்டேனே, காரணம் இதுதான்.

ஆக, உன் கையில் இருப்பது கார்னெட் மணி பதிந்த, நைஸ் என்கிற வரிப் பாறை. மத்திய மலைநாட்டில் ரோட்டு வெட்டிய இடமெல்லாம் காணக்கூடியது. கடன் வாங்கிக் குழி வெட்டுவதற்கான கல் இல்லை, மச்சான். இதை அவனிடம் நேராகச் சொல், சுற்றி வளைக்காதே.

அவன் நம்பமாட்டேன் என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கடைகளில் நோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச் ஒன்றை இரவல் வாங்கி, கதவு ஜன்னலை மூடி, நல்ல இருட்டில் மணிமேல் அடிக்கச் சொல். நம்ம நாட்டு ரூபி பெரும்பாலும் அடுப்புத் தணல் போல உள்ளிருந்து சிவந்து எரியும், ஸ்பினலும் அப்படியே. கார்னெட் செத்த கல் மாதிரி இருட்டாகவே கிடக்கும், அதிலுள்ள இரும்பு அந்த ஒளியை அணைத்துவிடுகிறது. கண்ணால் பார்க்க வேண்டும், போனில் படமெடுத்தால் டோர்ச்சின் ஊதாவே எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் இரும்பு கூடிய ரூபியும் மங்கித்தான் இருக்கும், அதனால் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு கல்லைத் தள்ளிவிடாதே. மற்றதோடு சேர்த்துப் பார்க்கத்தான் அது.

இன்னொன்று. பாறையில் ஒட்டியிருந்த கல் என்பதால்தான் என்னால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது. பொகவந்தலாவை ஆற்றுப்பக்கம் குழி வெட்டுகிறவர்கள் சொல்கிற இல்லம், அந்தச் சரளைப் படையில் கிடைக்கும் உருண்டைக் கல்லின் படத்தை அனுப்பியிருந்தால் கையை விரித்திருப்பேன். தண்ணீர் உருட்டி உருட்டி முகத்தையும் மூலையையும் தேய்த்துவிடும், அயலில் இருந்த குவார்ட்ஸும் போய்விடும், மிஞ்சுவது நிறம் ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் அனுப்பிய அப்படியொரு சிவப்புக் கூழாங்கல்லைப் படத்தில் பார்த்துக் கார்னெட் என்று எழுதிவிட்டேன். பிறகு கல்லையே கொண்டுவந்து காட்டினார், லென்ஸில் பார்த்தால் உள்ளே வட்டவட்டமாகக் காற்றுக்குமிழி, வெறும் கண்ணாடி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க மனம் ஆறவில்லை. அதற்குப்பிறகு உருண்டைக் கல்லுக்குப் படத்தை வைத்துப் பெயர் சொல்வதில்லை.

நல்ல முகமிருந்தும் கண் தோற்கிற கல்லும் உண்டு. ஆனந்த குமாரசாமியைக் கலை எழுதியவராகத்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், அவர் இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர். 1904-ல் அவரால் வெளிவந்தது தோரியனைட். கறுப்புச் சின்னக் கனசதுரம், கனமான கல். முதலில் அதை யுரேனியம் உள்ள யுரேனினைட் என்றே எண்ணினார்கள், அதுவும் கறுப்பு, அதுவும் கனசதுரம். இரசாயனச் சோதனை செய்தபிறகுதான் உள்ளே பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கே அப்படியென்றால் போட்டோவில் பார்க்கிற நான் எந்த மூலை.

அதனால் மருமகனுக்குப் பாறையில் ஒட்டாத, உள்ளே வெளிச்சம் போகிற, டோர்ச்சில் சிவந்து எரிகிற கல் எப்போதாவது கிடைத்தால் என்னிடம் படம் அனுப்ப வேண்டாம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கல்லைச் சோதித்துத் தருவார்கள், அங்கே கொண்டு போகட்டும். குழி வெட்டுவதற்கும் அவர்களிடம்தான் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், அதில்லாமல் தோண்டினால் வழக்கு. மழைக்காலத்தில் அந்தச் சரிவில் கை வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது, ஏற்கெனவே ஒருமுறை இறங்கிய மண் அது.

அந்தக் கல்லை வீசிவிடாதே. மணி முழு உருவத்தோடு பாறையில் நிற்பது அவ்வளவு லேசில் கிடைக்காது, எனக்கு அது வேண்டும். உளியால் பெயர்த்து எடுக்கவும் வேண்டாம், பாறையோடு அப்படியே பழைய துணியில் சுற்றி வை. தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன், வரும்போது என் பத்து மடங்கு லென்ஸையும் கொண்டுவருகிறேன், மருமகனே அந்த மூன்று முகம் கூடும் மூலையைப் பார்க்கட்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய வாங்குத் தோழன்