‘டு’ இரண்டு வகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலக மின்னஞ்சல் எழுதுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடைசி வரியில் பலரும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதுவதைச் சுட்டிக்காட்டி, “டு-வுக்குப் பிறகு ஐஎன்ஜி போட வேண்டும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்” என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். மீட் தவறு, மீட்டிங் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காரணம் சொல்லாமல் மனப்பாடம் செய்யச் சொன்னதுதான் உறுத்துகிறது, ஏனென்றால் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

வெளியே போகும் மின்னஞ்சல்களை ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்புவது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒவ்வொரு மின்னஞ்சலையும் ‘டு மீட் யூ’ என்றே முடித்துக்கொண்டிருந்தார். “டு வந்தால் ஐஎன்ஜி போடுங்க” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அடுத்த வாரம் அவரிடமிருந்து வந்த வரைவின் கடைசி மூன்று வரிகள் இப்படி இருந்தன:

```
We would like to discussing the draft on Thursday.
Please do not hesitate to contacting me.
Looking forward to meeting you.
```

மூன்றாவது வரி திருந்திவிட்டது, அதுவரை சரியாக எழுதிக்கொண்டிருந்த முதல் இரண்டும் கெட்டுவிட்டன. அவரைக் குறை சொல்ல முடியாது. நான் சொன்னதை அப்படியே செய்திருந்தார்.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு டு இருக்கின்றன. ஒன்று வினைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்வது: டு மீட், டு டிஸ்கஸ். இலக்கணக்காரர்கள் இதை இன்ஃபினிடிவ் என்பார்கள். நம் ‘சந்திக்க’, ‘பேச’ மாதிரி. இன்னொன்று ப்ரிபோசிஷன். நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும். அங்கே வினையை வைக்க வேண்டுமென்றால் அதைப் பெயராக்கித்தான் வைக்க முடியும், அந்த வேலைக்குத்தான் ஐஎன்ஜி. அப்படிப் பெயரான வினைக்கு ஜெரண்ட் என்று பேர். லுக் ஃபார்வர்ட்-க்குப் பின்னால் வருவது இந்த இரண்டாவது டு.

இது நமக்குப் புதிதே இல்லை. ‘உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்’ என்கிறோம். பதில் இருந்த இடத்தில் ‘சந்தி’ என்ற வினையைக் கொண்டுவந்தால் ‘உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்று ஆகிறது. ‘சந்திக்கவை எதிர்நோக்குகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஐ உருபு ஏற வேண்டுமென்றால் சந்திக்க என்பது சந்திப்பது ஆக வேண்டும் என்று நம் நாக்குக்கே தெரியும். மீட் மீட்டிங் ஆவதும் அதே காரணத்தால்தான். எதிர்நோக்கு என்ற சொல்லும் லுக் ஃபார்வர்ட் மாதிரியே முன்பக்கம் பார்ப்பதைக் குறிப்பது இன்னும் வசதி.

அப்புறம் ஏன் தவறுகிறோம்? மனதில் ஓடுவது ‘எதிர்நோக்குகிறேன்’ இல்லை, ‘உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’. சந்திக்க என்றால் டு மீட் என்று பள்ளியிலேயே பதிந்துவிட்டது. கை அதைத்தான் தட்டுகிறது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்ற வரியும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. ரிப்ளை வினையாகவும் வரும், பெயராகவும் வரும் சொல். இங்கே அது பெயர், முன்னால் நிற்கும் யுவர் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதைக் கவனிக்காதவர், ஐஎன்ஜி இல்லாமல் ரிப்ளை வரலாம் என்றால் ஹியரும் மீட்டும் வரலாமே என்று நினைத்துக்கொள்கிறார். இன்னொன்றும் உண்டு: நமக்கு மீட்டிங் என்றால் கூட்டம், ஹியரிங் என்றால் வழக்கு விசாரணை. ‘மீட்டிங் யூ’ என்று எழுதினால் ஏதோ கூட்டத்தைப் பற்றிச் சொல்வது போலக் காதில் விழுகிறது என்று அந்தத் தம்பியே சொன்னார். எழுத்துப்பிழை பார்க்கும் வசதியும் பெரிதாக உதவுவதில்லை. மீட் சரியான எழுத்துக்கூட்டல்தான், அதன் கீழே சிவப்புக் கோடு விழ வழியில்லை.

சரி, எந்த டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இட்’ என்ற சொல்லை வைத்துப் பார்க்கச் சொல்வேன். தம்பியின் மூன்று வரிகளையும் அப்படித்தான் பார்த்தோம். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ நன்றாக நிற்கிறது, அப்படியானால் பெயருக்கான இடம், மீட்டிங் சரி. ‘வுட் லைக் டு இட்’ நிற்கவில்லை, டிஸ்கஸ் என்று வெறும் வினையே வர வேண்டும். ‘ஹெசிடேட் டு இட்’ என்பதும் நிற்கவில்லை, காண்டாக்ட் போதும். தமிழில் இந்த இரண்டு வரிகளுமே ‘பேச விரும்புகிறோம்’, ‘தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம்’ என்று பேச, கொள்ள என்ற வடிவத்திலேயே வருவதைக் கவனிக்கலாம். இங்கே தமிழை நம்பிப் போயிருந்தாலே தப்பித்திருப்பார்.

கடைசி வரிகளில் இதே மாதிரி அகப்படும் இன்னொரு தொடர் ‘வீ ஆர் கமிட்டட் டு’. கமிட்டட் டு இட் என்பது நிற்கிறது, ஆகவே கம்ப்ளீட் அல்ல, கம்ப்ளீட்டிங். ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அங்கே பெயர்ச்சொல் சரியாக வந்திருக்கிறது, டு இருக்க வேண்டிய இடத்தில் ஃபார் வந்ததுதான் தவறு.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். அக்ரீ என்ற வினை இதில் இடறும். ‘அக்ரீ டு இட்’ நன்றாகவே நிற்கும், ஆனாலும் ‘வீ அக்ரீட் டு மீட் ஆன் தர்ஸ்டே’ என்பதுதான் சரி. அந்த வினை இரண்டு டு-வையும் ஏற்றுக்கொள்கிறது. டு-வே இல்லாத இடங்களிலும் இது உதவாது. ‘ஐ சஜஸ்ட் டு மீட்’ தவறு, ‘ஐ சஜஸ்ட் மீட்டிங்’ சரி என்பதை அந்த வினையோடு சேர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மனப்பாடம் அங்கே தேவைப்படுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுரையாளர் சொன்ன ஒரு யோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை. நமக்கு வரும் மின்னஞ்சலில் இந்தப் பிழை இருந்தால் பதிலில் சுட்டிக்காட்டலாம் என்கிறார். வாடிக்கையாளர் ‘டு மீட் யூ’ என்று எழுதியிருந்தால் அவர் சொல்ல வந்தது நமக்குப் புரிந்துவிட்டது. நம் பதிலின் கடைசியில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ டூ’ என்று எழுதிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். திருத்துவதெல்லாம் நம் மேசையைத் தாண்டாத வரைவுகளோடு நின்றால் போதும்.

அடுத்த இதழில் அந்தக் குறிப்பை விரித்து எழுதினால், முதலில் அந்த இரண்டு டு-வையும் பிரித்துக் காட்டும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்