அம்மா வீடியோ கோல் எடுக்கப் பழகிட்டா

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், மட்டக்களப்பில மழை விட்டுட்டுதா? நாங்க எல்லாரும் சுகம். அம்மான்ட கதை ஒண்டு சொல்லத்தான் எழுதுறன்.

தங்கச்சி ரொறன்ரோவில இருந்து அங்க ராத்திரி ஒன்பதரைக்கு பிள்ளைகளோட வட்ஸ்அப்பில வீடியோ கோல் எடுப்பாள், இங்க வெள்ளவத்தையில அப்ப காலமை ஏழு மணி, நானும் மனிசியும் வேலைக்கு வெளிக்கிடுற அவசரம், போன் அடிச்சு அடிச்சு நிண்டுடும். அம்மா பக்கத்திலயே இருந்து பாத்துக்கொண்டு இருப்பா, எடுக்கத் தெரியாது. பிறகு நாள் முழுக்க முகம் வாடிப்போய் இருக்கும், எனக்குப் பாக்கவே ஏலாது.

சின்னவன்தான் லீவில பழக்கினவன். முதல் நாள் அம்மா பச்சை பட்டனை கோலிங் பெல் மாதிரி அமத்திப் பிடிச்சுக்கொண்டே இருந்தா, அது அசையவே இல்ல. அமத்தக்கூடாது அப்பம்மா, கதவுக் கொண்டியை மேல தள்ளுற மாதிரி தள்ளுங்கோ எண்டான். அது அவவுக்கு உடனே பிடிபட்டுட்டுது. ஆனா பத்துத்தரம் தள்ளினா நாலுதரம்தான் வேலை செய்தது, ஏனெண்டு பாத்தா விரல் காய்ஞ்சு சொரசொரவெண்டு கிடக்கு, அப்பிடி விரல் தொடுறது அந்தக் கண்ணாடிக்கு சரியா விளங்காதாம். ஈரத்துணியில லேசா ஒத்திப்போட்டு தள்ளச் சொன்னான், சரிவந்துட்டுது. அவன் குசினிக்குள்ள ஒளிச்சு நிண்டு எடுக்க எடுக்க இவ ஹோலில இருந்து தள்ளித் தள்ளி, ரெண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுக்க இதே வேலை.

அடுத்த காலமை தங்கச்சி எடுக்க அம்மா திரும்பத் தவற விட்டுட்டா. அழுதே போட்டா மச்சான். பிறகு அவன் யோசிச்சுப் பாத்து கண்டுபிடிச்சான், அவ அந்த நேரம் போனில பேரப்பிள்ளையளின்ட படம் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா, ஸ்க்ரீன் எரிஞ்சுகொண்டு இருந்தா கோல் முழுசா வராது, மேல சின்னப் பட்டையாத்தான் வரும், அதில தள்ளக்கூடாது, பச்சையை ஒருக்கா தொட்டு விடோணும். ரெண்டையும் பழக்கினா குழம்பிப்போவா எண்டு, ஆறே முக்காலுக்கே ஸ்க்ரீனை நூத்து சாமித்தட்டுக்குப் பக்கத்தில ஸ்டாண்டில வைக்கச் சொல்லிட்டான். இப்ப எப்பவும் ஒரே மாதிரி முழு ஸ்க்ரீன்தான் வருது.

போன ஞாயிறு தானே எடுத்தா. எடுத்த உடன பழைய பழக்கத்தில காதில வச்சிட்டா, தங்கச்சிக்கு அம்மான்ட தோடு மட்டும்தான் தெரிஞ்சதாம், அவள் அதைப் பாத்தே அழுதிட்டாள். இவன் ஓடிப்போய் ஸ்டாண்டில வச்சு விட்டான், அரை மணித்தியாலம் கதைச்சவை.

நவம்பரில அங்க மணியை மாத்தினா அதே கோல் இங்க எட்டு மணிக்கு வரும், அதை அவவுக்கு இப்பவே சொல்லி வைக்கோணும், இல்லாட்டி ஏழு மணிக்கு வந்திருந்து ஏங்குவா.

நீயும் ஒருக்கா எடன், பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு. உடன வெட்டிடாத, துணியில விரல் ஒத்திப்போட்டுத்தான் எடுப்பா.

அன்புடன்,
உன்ட பழைய வாங்குத் தோழன்