பூஸ்ரர் பம்பியின் பிரஷர் சுவிச் பிழையாகப் பொருத்தப்பட்டமை தொடர்பான புகார்

கோண்டாவில் கிழக்கு,
யாழ்ப்பாணம்.
2025.03.03

முகாமையாளர்,
விற்பனைக்குப் பின்னான சேவைப் பிரிவு.

ஐயா,

கடந்த பெப்ரவரி 3ஆம் திகதி உங்கள் நிறுவனத்திடம் ஒரு பூஸ்ரர் பம்பியும் 24 லீற்றர் பிரஷர் ராங்கும் வாங்கி, உங்கள் தொழில்நுட்பவியலாளரைக் கொண்டே பொருத்துவித்தேன். ஒரு மாதத்துக்குள் அவர் மூன்று முறை வந்து போனார். மூன்றாம் முறை, பம்பியை ஒரு குதிரைவலுவுக்கு மாற்றி 60 லீற்றர் ராங்கும் வாங்கினால்தான் சரிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் பம்பியிலும் பிழை இல்லை, ராங்கிலும் பிழை இல்லை. பிழை முழுவதும் அமைப்பில்தான் இருந்தது. உங்கள் ஆட்கள் இன்னொரு வீட்டில் இதையே திரும்பச் செய்யக்கூடாது என்பதற்காக, நடந்ததை அளவுகளோடு எழுதுகிறேன்.

எங்கள் வீடு மேல்மாடி ஒன்றுள்ள வீடு. கிணற்றுத் தண்ணீரை மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றிக் குழாய்களுக்கு விடுகிறோம். கீழ்த்தளத்தில் குறையே இல்லை. மேல்மாடிச் சவருக்கும் தாங்கியின் நீர்மட்டத்துக்கும் இடையே உயரம் 2 மீற்றர்தான். 10 மீற்றர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அமுக்கம் தரும். ஆகவே 2 மீற்றர் தருவது வெறும் 0.2 பார். அந்தச் சவரில் 10 லீற்றர் வாளி நிரம்ப 4 நிமிடம் எடுத்தது. எங்கள் பகுதித் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால், முதலில் சவர்த்தலையைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் துப்புரவாக்கினேன். பிறகும் அதே 4 நிமிடம். பம்பி தேவை என்று அதன் பின்புதான் முடிவெடுத்தேன்.

உங்கள் காட்சியறையில் என்னிடம் கேட்கப்பட்டது, எத்தனை மாடி என்ற ஒரே கேள்வி. பிறகு பெட்டியில் உள்ள எழுத்தைக் காட்டி, "30 மீற்றர், நிமிடத்துக்கு 40 லீற்றர். சவரில மூன்று பார் அடிக்கும் ரீச்சர்" என்றார் விற்பனையாளர். அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. 30 மீற்றர் என்பது எல்லாக் குழாயும் பூட்டியிருக்கும்போது, ஒரு துளியும் ஓடாத நிலையில் உள்ள அமுக்கம். 40 லீற்றர் என்பது எந்த எதிர்ப்பும் இல்லாமல் திறந்தவெளியில் கொட்டும்போது வரும் ஓட்டம். பாவனையாளருக்குத் தேவையானது இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு புள்ளி. அதைப் பார்க்க, எவ்வளவு ஓட்டத்தில் எவ்வளவு அமுக்கம் கிடைக்கும் என்று காட்டும் வரைபு வேண்டும். கேட்டேன், இல்லை என்றார்கள்.

எனது தேவையை நானே கணக்கிட்டிருந்தேன். இரண்டு குளியலறைகள் ஒரே நேரத்தில் பாவித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லீற்றர். சவரில் 1 பார் இருந்தால் நன்றாகக் குளிக்கலாம். பைப்பின் உராய்வுக்கும் வளைவுகளுக்கும் 0.4 பார் ஒதுக்கினால், 20 லீற்றர் ஓடும்போது பம்பி ஏறத்தாழ 14 மீற்றர் கொடுக்க வேண்டும். உங்கள் பம்பியின் இரு முனைகளுக்கும் இடையே நேர்கோடு வரைந்து பார்த்தால் அந்த இடத்தில் 15 மீற்றர் வருகிறது. அதாவது விற்பனையாளர் தந்த காரணம் பிழை என்றாலும் தந்த பம்பி எனக்குப் பொருத்தமானதே. இதை முதலே சொல்லிவிடுகிறேன், பம்பியை நான் குறை கூறவில்லை.

குழப்பம் சுவிச்சில் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்து அது 1.4 பாரில் மோட்டரைத் தொடக்கி 2.8 பாரில் நிறுத்துமாறு வந்திருந்தது. உங்கள் தொழில்நுட்பவியலாளர், "இதை இறுக்கினால் தண்ணி இன்னும் பாய்ஞ்சு வரும்" என்று சொல்லிப் பெரிய நட்டை இறுக்கினார். நிறுத்தும் அளவு 3.5 பாருக்குப் போயிற்று. சுவிச் அமுக்கத்தை உண்டாக்குவதில்லை, ஐயா. உண்டாக்குவது பம்பி. எந்த அமுக்கத்தில் தொடங்குவது, எந்த அமுக்கத்தில் நிற்பது என்பதை மட்டுமே சுவிச் தீர்மானிக்கும். இந்தப் பம்பியால் 3.5 பாரை ஒருபோதும் எட்ட முடியாது. ஆகவே அன்றிரவு எல்லாக் குழாயும் பூட்டியிருக்க, அமுக்க மானி 2.9 பாரிலேயே நிற்க, மோட்டர் விடியும்வரை ஓடியது. வெளியே போக வழியில்லாத அதே தண்ணீர் உள்ளே சுழன்று சூடேறி, காலையில் பம்பியின் உடலில் கைவைக்க முடியவில்லை. மேலே கைக்குழந்தையோடு இருக்கும் மகள் இரைச்சலில் தூங்கவேயில்லை. அன்றுதொட்டு தண்டு வெளிவரும் இடத்தில், சீல் வழியே, நீர் சொட்டுகிறது.

இரண்டாம் முறை வந்தபோது இரண்டு நட்டையும் தளர்த்தி, 1.5இல் தொடங்கி 2.1இல் நிற்குமாறு வைத்தார். இரவு ஓட்டம் நின்றது. ஆனால் ஒரு குழாயைத் திறந்தால் மோட்டர் இரண்டு மூன்று செக்கனுக்கு ஒருமுறை தொடங்குவதும் நிற்பதுமாக இருந்தது. சவரில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. மூன்றாம் முறை வந்தபோதுதான் ராங்க் சின்னது, பம்பி பலவீனம் என்ற தீர்ப்பு.

அந்த ராங்கை நான் விரலால் தட்டிப் பார்த்தேன். அடிமுதல் நுனிவரை ஒரே வெறுஞ்சத்தம். தண்ணீர் இருந்தால் அப்படி ஒலிக்காது. பிரேக்கரை அணைத்து, குழாயைத் திறந்து அமுக்கத்தை முழுவதும் இறக்கிவிட்டு, எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்தும் தம்பியிடம் ரயர் மானியை வாங்கி, ராங்கின் மேலுள்ள காற்று வால்வில் வைத்தேன். 32 பீ.எஸ்.ஐ. காட்டியது, அதாவது 2.2 பார். உள்ளே இருக்கும் றப்பர்ப் பையைச் சுற்றியுள்ள காற்று 2.2 பாரில் இருந்தால், தண்ணீரின் அமுக்கம் 2.2ஐத் தாண்டும்வரை பைக்குள் ஒரு சொட்டும் புகாது. மோட்டரோ 2.1இல் நின்றுவிடுகிறது. ஆக, நான் காசு கொடுத்து வாங்கிய ராங்க் பொருத்தப்பட்டும் பொருத்தப்படாததுபோலவே இருந்திருக்கிறது. 60 லீற்றர் ராங்கை அதே காற்றோடு வைத்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும். மூன்று முறை வந்தவர் ஒருமுறைகூட அந்த வால்வின் மூடியைக் கழற்றவில்லை. என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

பிறகு நானும் அந்தத் தம்பியும் சேர்ந்து ஒழுங்குபடுத்தினோம். முதலில் பம்பியின் எல்லையை அறிய, எல்லாக் குழாயையும் பூட்டிச் சிறிது நேரம் மட்டும் ஓடவிட்டு மானியைப் பார்த்தோம். காலையில் 2.9, மின்சாரம் தணிந்திருக்கும் மாலையில் 2.8. நிறுத்தும் அளவு இந்தச் சிறிய எண்ணுக்கும் நன்றாகக் கீழே இருக்கவேண்டும். அதனால் 2.4 என்று தீர்மானித்தோம். தொடங்கும் அளவு 1.4. ராங்கின் காற்று தொடங்கும் அளவைவிட 0.2 பார் குறைவாக, 1.2 பார், ரயர் மானியில் 17 பீ.எஸ்.ஐ. ராங்கில் தண்ணீர் அமுக்கம் இல்லாதபோதுதான் இதை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மானி தண்ணீரின் அமுக்கத்தைத்தான் காட்டும்.

நட்டுகளைத் திருப்புவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெரிய நட் தொடங்கும் அளவையும் நிறுத்தும் அளவையும் சேர்த்தே உயர்த்தும் அல்லது தாழ்த்தும். சின்ன நட் நிறுத்தும் அளவை மட்டும் மாற்றி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆகவே முதலில் பெரியதால் 1.4ஐப் பிடித்து, அதன்பின் சின்னதால் 2.4ஐப் பிடித்தோம். ஒவ்வொரு முறையும் பிரேக்கரை அணைத்து, அரைச்சுற்று திருப்பி, மூடியைப் போட்டு, குழாயை மெல்லத் திறந்து மானியைப் பார்த்தோம். மூடிக்குள் 230 வோல்ற் உள்ள முனைகள் திறந்தே கிடக்கின்றன. உங்கள் ஆள் மின்சாரத்தை அணைக்காமலே ஸ்பனரை விட்டதை நான் கண்ணால் கண்டேன்.

சரிவந்ததா என்பதை வாளியால் சோதித்தோம். மோட்டர் 2.4இல் நின்றதும் பிரேக்கரை அணைத்து, மானி 1.4க்கு இறங்கும்வரை வந்த தண்ணீரை அளந்தோம். ஆறு லீற்றருக்குச் சற்று மேல். 24 லீற்றர் ராங்க் இந்த அளவுகளில் கொடுக்கவேண்டியது கணக்கின்படி 6.5 லீற்றர். இப்போது இரண்டு சவரும் திறந்திருந்தால் மானி 1.7இல் நிலையாக நிற்க மோட்டர் விடாமல் ஓடுகிறது. ஒரு சவர் மட்டும் என்றால், மோட்டர் நின்றபின் முக்கால் நிமிடம்போல ராங்கின் தண்ணீரிலேயே குளிக்கலாம். 10 லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது.

உங்கள் தொழில்நுட்பவியலாளர் பம்பிக்கு முன்னால் ஒருவழி வால்வைச் சரியாகவே போட்டிருந்தார். அது இல்லாவிட்டால் ஏறிய அமுக்கம் பம்பி வழியாக மொட்டைமாடித் தாங்கிக்கே திரும்பியிருக்கும். வேலை தெரிந்தவர்தான். மானியும் ரயர் மானியும் கொண்டு வேலை செய்யப் பழக்கப்படவில்லை. ஒரு குதிரைவலுப் பம்பிக்கு அவர் சொன்னபடி மாறியிருந்தால், அந்த வகையில் பூட்டிய நிலை அமுக்கம் 6 பார்வரை போகக்கூடியது. அதே கையால் அதே நட்டை இறுக்கியிருந்தால் என் வீட்டின் பழைய பைப் பொருத்துகள் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறேன். சொட்டும் சீலை உத்தரவாதத்தின் கீழ் இலவசமாக மாற்றித் தரவேண்டும். அது தேய்ந்தது என் பாவனையால் அல்ல, 3.5 பார் அமைப்பினால். இரண்டாம், மூன்றாம் வருகைகளுக்கு அறவிட்ட தலா 2,500 ரூபாவைத் திருப்பித் தரவேண்டும். காட்சியறையில் விற்கும் ஒவ்வொரு பம்பியின் வரைபையும் வாங்குபவர் பார்க்கக்கூடியதாக வைக்கவேண்டும். பொருத்தும் வேலை முடிந்ததும் பூட்டிய நிலை அமுக்கம், தொடங்கும் அளவு, நிறுத்தும் அளவு, ராங்கின் காற்று ஆகிய நான்கையும் உத்தரவாத அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். என் அட்டையில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். சீலை மாற்ற வருபவர் காலை 9 மணிக்குப் பின் வரலாம். வரும்போது ஒரு ரயர் மானியையும் கொண்டு வரட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை

இணைப்பு: பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, இரண்டு சேவைக் கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகள்.