முத்திரைக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுப் பொருள்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்த ஊருக்கு எந்தப் பொருள் என்பதைக் கட்டுரை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் கடையில் ஒரு பொருளின் மேல் அந்தக் குறியீட்டைக் காண்கிறவர் அதை எப்படிப் படித்து நம்புவது என்பது அதில் இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சேலைகளைத் தரம் பார்த்து எடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில், எனக்கு நன்றாகத் தெரிந்த காஞ்சிபுரம் பட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதை எழுத விரும்புகிறேன்.

அண்மையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டாரின் திருமணச் சேலையைப் பார்க்க அழைத்திருந்தார்கள். வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கியது. அரக்கு நிற உடலும் பச்சைக் கரையும் கொண்ட அந்தச் சேலையின் மடிப்பில், பொன்னெழுத்தில் 'காஞ்சிபுரம்' என்று அச்சிட்ட அட்டையும், சில்க் மார்க் முத்திரைச் சீட்டும், புவிசார் குறியீடு பெற்றது என்று சொல்லும் வட்டமான ஒட்டுச்சீட்டும் இருந்தன. மூன்று முத்திரை இருக்கும்போது சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

முதலில் சில்க் மார்க். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் நடைபெறும் அமைப்பு வழங்கும் அந்தச் சீட்டு, இழை இயற்கைப் பட்டா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. அது எந்த ஊரில் நெய்யப்பட்டது என்றோ, கைத்தறியா விசைத்தறியா என்றோ, ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா என்றோ அது சொல்வதில்லை. கைத்தறியா என்பதற்குத் தனியாகக் கைத்தறி முத்திரை உண்டு. அதுவும் ஊரைச் சொல்லாது. ஊரையும், அந்த ஊருக்கே உரிய செய்முறையையும் சேர்த்துச் சொல்ல உரியது புவிசார் குறியீடு ஒன்றுதான். இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளாததால்தான், சில்க் மார்க்கைக் காட்டியே காஞ்சிபுரம் என்று விற்பது பல இடங்களில் எளிதாக நடந்துவிடுகிறது.

அடுத்து அந்த வட்டச் சீட்டு. அதில் யாருடைய பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. என் மனத்தில் முதல் ஐயம் எழுந்தது அங்கேதான். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. அதன் பதிவேட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் குறியீடும் அதன் பதிவுபெற்ற உரிமையாளரும் இருப்பார்கள். அந்தப் பெயரைத் தாமும் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பதிந்துகொண்ட உற்பத்தியாளர்களும் வணிகர்களும், அதாவது அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள், இரண்டாம் பகுதியில் இருப்பார்கள். பொருளுக்குப் பதிவு கிடைத்ததாலேயே அந்த ஊரில் உள்ள எல்லாருக்கும் அந்த முத்திரையை ஒட்டும் உரிமை வந்துவிடுவதில்லை. இரண்டாம் பகுதியில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே நம்பத்தக்க குறியீட்டுச் சீட்டு என்றால் அதன் பின்னால் ஒரு பெயரும் ஒரு பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பொருளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, அதைச் செய்தவரைப் பற்றி மௌனமாக இருக்கும் சீட்டு எதையும் நிரூபிப்பதில்லை.

பெயர் இருந்தால் அதைச் சரிபார்க்க முடியும். ipindia.gov.in தளத்தில் புவிசார் குறியீடுகளுக்கான தேடல் பகுதி இருக்கிறது. அங்கே தேடுகிறவர்கள் எழுத்துக்கூட்டலைக் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பது Kancheepuram Silk. நாம் வழக்கமாக எழுதும் Kanchipuram என்று தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம், அதைக் கொண்டு பதிவே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்பதால் அதன் நிலையையும் பார்த்துக்கொள்வது நல்லது. அதே தேடலில் Arani Silk என்பதும், சேலம் வெண்பட்டு என்பதும் தனித்தனிப் பதிவுகளாக இருப்பதைக் காணலாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆரணிப் பட்டு போலி அல்ல. தன் பெயரில் மதிப்போடு நிற்கக்கூடிய அந்தச் சேலையைக் காஞ்சிபுரம் என்ற பெயரில் விற்கும்போது, வாங்குபவர் ஏமாறுவதோடு ஆரணி நெசவாளியின் பெயரும் மறைக்கப்படுகிறது.

இனி துணியைப் பார்ப்போம். அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சேலையின் உட்புறத்தைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். காஞ்சிபுரத்தின் கோர்வை நெசவில் குறுக்கு இழையைச் சுமந்து மூன்று நாடாக்கள் ஓடும். உடலுக்கு ஒன்று, இரு பக்கக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒரு பக்கக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பிவிட நெசவாளியின் அருகில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பது வழக்கம். உடலின் ஊடை, அதாவது குறுக்கு இழை, கரை தொடங்கும் இடத்தில் கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும், கரைக்குள் நுழையாது. அதனால் உண்மையான கோர்வையில் கரையின் நிறம் கலப்பில்லாமல் இருக்கும், உட்புறத்தில் இரண்டு நிற இழைகளும் பல் பல்லாகக் கோத்த ஒரு கோடு விரலுக்குத் தட்டுப்படும். எங்கள் தெருச் சேலையிலோ அரக்கு ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நேராகவே ஓடியிருந்தது. பச்சைக் கரையைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே அரக்கு நிறம் மின்னியது. கரைக்குப் பச்சைப் பாவு, அதாவது நீள இழை, பூட்டி, ஒரே நாடாவில் நெய்து முடித்திருக்கிறார்கள்.

முந்தியிலும் ஓர் அடையாளம் உண்டு. உடலின் நிறமும் முந்தியின் நிறமும் வேறாக இருக்கும் சேலைகளில், உடலின் பாவு இழைகள் முடியும் இடத்தில் முந்திக்கான பாவு இழைகளைச் சேர்த்துத் தொடர்வார்கள். தறிக்காரர்கள் பெட்னி என்று சொல்வது இதைத்தான். இரண்டு பாவும் ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு பட்டையில் துணி சற்றுத் தடித்து, இரு நிறமும் கலந்து தெரியும். உட்புறத்தில் கத்தரித்த இழை முனைகளும் இருக்கும். வாங்குகிறவர்களில் பலர் இந்தத் தடிப்பை நெசவுக் குறை என்று எண்ணி வேறு சேலை கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒதுக்கியது பெரும்பாலும் கூடுதல் உழைப்பு செலுத்திய சேலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் நெய்யும் சேலைகள் எல்லாம் கோர்வை அல்ல. ஒற்றை நாடாவில் நெய்யும் சாதாக் கரைச் சேலைகளும் அங்கே முறையாகவே உண்டு. கோர்வை இருந்தால் கைத்தறி என்பதற்கு வலுவான சான்று. இல்லாததால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆகவே ஜரிகையையும் பார்த்தோம். முந்தியின் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்து மேலே சுற்றியிருக்கும் தகட்டை நகத்தால் உரித்தால், அசல் ஜரிகையில் உள்ளே சிவப்பு நிறப் பட்டு நூல் இருக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் கையாண்டுவந்த அளவு, நூறு பங்கில் வெள்ளி 40, தாமிரம் 35.5, பட்டு 24, தங்கம் 0.5. அந்தச் சேலையின் இழையில் உள்ளே இருந்தது வெள்ளை நூல். தீயில் காட்டியபோது உருகிக் கெட்டியான மணியாக நின்றது. பட்டாக இருந்திருந்தால் முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகியிருக்கும். இப்போது உள்நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய போலி ஜரிகையும் வருவதால், நிறம் சரியாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஜரிகையின் உலோகப் பங்கை உறுதியாக அறிய எக்ஸ்கதிர்க் கருவியில் வைத்துப் பார்ப்பது நல்ல வழி.

ஆக, சில்க் மார்க் பொய் சொல்லவில்லை. உடலின் இழை பட்டுதான். பெயரும் எண்ணும் இல்லாத அந்த வட்டச் சீட்டுத்தான் ஊரின் பெயரைத் தவறாகச் சூட்டியிருந்தது. குடும்பத்தார் கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, வேறொரு மாநிலத்தின் மொத்த வியாபாரியிடமிருந்து வாங்கியதாகவும், 'காஞ்சிபுரம் டைப்' என்றே அங்கு சொல்வார்கள் என்றும் விடை வந்தது. 'டைப்', 'ஸ்டைல்' என்ற ஒட்டுச்சொல் வாயிலோ பில்லிலோ வந்தால், அது அந்த ஊரில் நெய்யப்படவில்லை என்று விற்பவரே சொல்வதாகத்தான் கொள்ள வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நெசவாளிக்கு அநீதி செய்தவனாவேன். குழித்தறியில் உட்கார்ந்து நூற்றுக்கு நூறு முறையாகக் கோர்வை நெய்யும் பலர், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தங்களைப் பதிந்துகொள்ளவில்லை. விண்ணப்பம், சான்றுகள், அலைச்சல் என்று அதில் ஒரு வேலைநாள் போனாலும் அவர்களுக்கு இழப்பு. அவர்கள் சேலையில் குறியீட்டுச் சீட்டு இருக்காது. சீட்டு இல்லை என்பதற்காக அவர்களை ஒதுக்கினால், சீட்டை அச்சடித்து ஒட்டத் தயங்காதவருக்கே அந்த விற்பனை போய்ச் சேரும். அங்கே துணியின் உட்புறம்தான் சான்று.

தின்பண்டத்தில் இப்படி இழையைத் திருப்பிப் பார்க்க வழியில்லை என்பதால், அங்கே முகவரியைத்தான் படிக்க வேண்டும். கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று பெரிய எழுத்தில் இருந்தாலும், சிறிய எழுத்தில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று பாருங்கள். 'பொதி செய்தவர்', 'விற்பனை செய்பவர்' என்று மட்டும் இருந்து தயாரித்தவர் இல்லையென்றால், அந்த ஊர்ப்பெயருக்குப் பொறுப்பேற்க அந்த உறையில் ஆள் இல்லை.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய பட்டியல்களை வெளியிடும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் உள்ள சரியான எழுத்துக்கூட்டலையும், அந்தப் பதிவு எந்த எல்லைக்கும் எந்தச் செய்முறைக்கும் உரியது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து அச்சிடுங்கள். வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, பணம் கொடுப்பதற்கு முன் 'காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு, கோர்வை, அசல் ஜரிகை' என்று பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிற கடைக்காரர் அந்த நேரத்தில் பேனாவை எடுக்கத் தயங்குகிறாரா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் நிலை வந்தாலும் கையில் ஆதாரம் இருக்கும். எங்கள் தெருக் குடும்பத்தின் பில்லில் 'பட்டுச் சேலை, ஒன்று' என்று மட்டுமே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர்,
காஞ்சிபுரம் மாவட்டம்