எங்கள் பின்னல் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்றைக்குக் குன்னூர்க் குளிரையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஆண்டு நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. முதியோர் இல்லத்துக்குக் குல்லாக்களும் காலுறைகளும் கொடுத்தோம். கோடைக் கண்காட்சியில் நமக்கு ஒரு மேசை கிடைத்தது, விற்பனை பரவாயில்லை. பொங்கல் சந்திப்பு நல்லபடியாக முடிந்தது.

அடுத்து, ஆண்டின் பிற்பாதி முழுவதும் நாம் எடுத்துக்கொண்ட இரு வண்ண பிரியோஷ் வகுப்பு. "ஒரே ஸ்கார்ஃபுக்கு ஆறு மாதமா?" என்று சிலர் என் காதுபடவே கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் இந்த அறிக்கைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரணப் பின்னலில் ஒரு வரிசை என்றால் ஊசியில் ஒரு தடவை போய் முடிப்பது. இரு வண்ண பிரியோஷில் ஒரே வரிசையை இரண்டு நடையாகப் பின்ன வேண்டும். முதலில் வெளிர் நூலால் ஒரு நடை. அது முடிந்ததும் துணியைத் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளிவிட்டு, அடர் நூலால் அடுத்த நடை. அதற்குப் பிறகுதான் திருப்புவது. நடுவில் வயர் உள்ள வட்ட ஊசி வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான். ஒரு முனையில் குமிழ் வைத்த நேர் ஊசியில் கண்ணிகளை மறுபக்கத்திலிருந்து பின்னவே முடியாது.

ஒவ்வொரு நடையிலும் ஒரு கண்ணியைப் பின்னுகிறோம், பக்கத்துக் கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு நகர்த்தி, அதன் மேல் கையிலுள்ள நூலைப் போட்டுவிடுகிறோம். அப்படிப் போட்ட யார்ன் ஓவர், நகர்த்திய கண்ணியின் தோளில் சாய்வாகக் கிடக்கும். வகுப்பில் அதைச் சால்வை என்றே சொல்லிப் பழகினோம். அடுத்த நடையில் அந்தக் கண்ணியையும் அதன் சால்வையையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். சால்வை உள்ளதைப் பின்னு, இல்லாததை நகர்த்திச் சால்வை போடு. விதி இவ்வளவுதான்.

இவ்வளவுதான் விதி என்றால் எங்கே தடுமாறுகிறார்கள்? பாதியில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்கும்போதுதான். தாளில் நான்கு நடைகள் எழுதியிருக்கும், அதில் எந்த நடையில் நிற்கிறோம் என்று தெரியாது. அதனால் தாளை மூடிவைத்து ஊசியைப் படிக்கச் சொன்னேன். அதைத்தான் இந்த ஆறு மாதமும் பழகினோம்.

முதலில் நூல்கள் எங்கே தொங்குகின்றன என்று பாருங்கள். இரண்டும் ஒரே முனையில் இருந்தால் வரிசை முடிந்தது, திருப்பி வெளிர் நூலை எடுக்க வேண்டும். ஆளுக்கொரு முனையில் இருந்தால் வெளிர் நடை மட்டும்தான் முடிந்திருக்கிறது, தள்ளிவிட்டு அடர் நூலை எடுக்க வேண்டும்.

அப்புறம் சால்வையின் நிறம். வெளிர் கண்ணியின் மேல் எப்போதும் அடர் சால்வை, அடர் கண்ணியின் மேல் எப்போதும் வெளிர் சால்வை. கையில் வெளிர் நூல் இருக்கிறது என்றால், சால்வையோடு காத்திருப்பவை வெளிர் கண்ணிகளாகத்தான் இருக்க வேண்டும். அடர் கண்ணிகள் சால்வையோடு நின்றால் தவறான நூலை எடுத்திருக்கிறோம்.

மூன்றாவது, நிட்டா பர்லா என்பது. இந்தத் துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று கிடையாது. ஒரு பக்கம் வெளிர் வரிகள் மேடாகத் தெரியும், மறுபக்கம் அடர் வரிகள். பிரியோஷைப் பற்றி நிறைய எழுதியிருக்கும் நான்சி மார்ச்சன்டும் இவற்றை வெளிர்ப் பக்கம், அடர்ப் பக்கம் என்றுதான் பிரிக்கிறார். கையிலுள்ள நூலின் நிறமும் நம்மைப் பார்த்து நிற்கும் மேட்டு வரிகளின் நிறமும் ஒன்றாக இருந்தால் நிட், வேறாக இருந்தால் பர்ல். எந்த வரிசையில் விட்டிருந்தாலும் இந்த மூன்றையும் பார்த்தால் அடுத்த கண்ணியை என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 21 கண்ணிகள் வைத்துத் தொடங்கினோம். இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி. அதை வெளிர் நடையில் பின்னி, அடர் நடையில் சும்மா நகர்த்திவிடுவது. நடுவில் 10 வெளிர், 9 அடர், மாறி மாறி. நூல் நாம் வழக்கமாக 4 மி.மீ. ஊசியில் பின்னும் டபுள் நிட்டிங் கம்பளிதான், ஆனால் பிரியோஷ் அகலவாக்கில் தளர்ந்து விரியும் என்பதால் 3.5 மி.மீ. எடுத்தோம். வெளிர் நடை முடிந்ததும் 9 அடர் கண்ணிகள் மேல் சால்வை இருக்கும், ஊசியில் மொத்தம் 30 வளையங்கள். அடர் நடை முடிந்ததும் 10 வெளிர் கண்ணிகள் மேல் சால்வை, மொத்தம் 31. ஒவ்வொரு நடைக்கும் பிறகு எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் பெரிதாகப் பிரிக்க வேண்டி வரவில்லை.

ஓர் உறுப்பினருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், அவர் சம்மதித்திருக்கிறார். வெளிர்ப் பக்கம் பார்த்து அடர் நடை முடித்தார். எண்ணினால் 31-க்குப் பதில் 30. ஊசியில் ஓரிடத்தில் அடர், வெளிர், அடர் என்று மூன்று கண்ணிகள் அடுத்தடுத்துச் சால்வை இல்லாமல் நின்றன. நடுவிலிருந்த வெளிர் கண்ணிக்குச் சால்வை போடவில்லை. இந்தத் தவறு பெரும்பாலும் பர்ல் நடையில்தான் வரும். நிட் நடையில் நூலை முன்னே கொண்டுவந்து, கண்ணியை நகர்த்தி, அடுத்ததை நிட் போடும்போது நூல் தானாகவே ஊசியின் மேல் ஏறிவிடும். பர்ல் நடையில் நூல் ஏற்கெனவே முன்னால் இருக்கிறது, அடுத்த பர்லுக்கும் முன்னால்தான் வேண்டும். அதனால் கண்ணியை நகர்த்திய பிறகு நூலை ஊசியின் மேலாகப் பின்னே கொண்டுபோய், அடியில் மறுபடி முன்னே எடுத்து வர வேண்டும். இந்த முழுச் சுற்றைத்தான் கை மறந்துவிடுகிறது.

அவர் ஊசியையே உருவப் பார்த்தார், நான் தடுத்தேன். போடாமல் விட்ட நூல் எங்கும் போய்விடவில்லை. அந்த வெளிர் கண்ணியின் முன்னால், வெளிர்ப் பக்கத்தில், குறுக்காக ஓர் அடர் இழையாகக் கிடந்தது. அதை ஊசி முனையால் தூக்கிக் கண்ணியின் மேல் சாய்வாகப் போட்டதும் 31 ஆகிவிட்டது. திருப்பிவிட்டிருந்தால் அந்த இழையைக் கண்ணிக்குப் பின்னால் தேடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணாமல் பின்னிக்கொண்டே போனவர்களின் ஸ்கார்ஃபில், வெளிர் வரியின் குறுக்கே சின்ன அடர் கோடுகளாக அவை இன்னும் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள்.

கண்ணி நழுவினால் சங்கதி வேறு. வெளிர் வரி நழுவினால் ஏணிப்படியில் அடர் இழை ஒன்று, வெளிர் இழை ஒன்று என்று மாறி மாறித் தெரியும். வெளிர்ப் பக்கத்திலிருந்து குரோஷே ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, அடர் இழையையும் அதே ஊசியில் ஏற்றிக்கொண்டு, மேலேயுள்ள வெளிர் இழையை இரண்டின் வழியாகவும் இழுக்க வேண்டும். அடர் இழையை விட்டுவிட்டால் அந்த இடம் மட்டும் ஒல்லியாகத் தெரியும். முழுதாகப் பிரிக்க நேர்ந்தால் கண்ணியையும் சால்வையையும் சேர்த்துப் பிடிப்பது புதியவர்களால் ஆகாத காரியம். அதற்காகத்தான், பிரச்சினை இல்லாத வரிசை முடிந்ததும் கண்ணி, சால்வை எல்லாவற்றின் வழியாகவும் ஒரு மெல்லிய தையல் நூலை ஓட்டிவைக்கச் சொன்னேன்.

வண்ணம் பற்றி நான் கண்டிப்பாக இருந்தேன் என்ற குறையும் வந்தது. கறுப்பும் கரும்பழுப்பும் கொண்டுவந்தவர்களை மாற்றி வரச் சொன்னது உண்மைதான். அந்த இரண்டில் எது கண்ணி, எது சால்வை என்று மாலை வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. இளமஞ்சளும் மெரூனும் வைத்திருந்தவர்கள் இரண்டாம் வகுப்பிலேயே ஊசியைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இனி, வராதவர்கள் பற்றி. முதல் வகுப்பில் அறை நிறைந்திருந்தது. மூன்றாம் மாதம் பாதி நாற்காலிகள் காலி. தாளை மட்டும் வாங்கிப் போய், வீட்டில் சிக்கிக்கொண்டு, இரவில் எனக்குத் தொலைபேசியில் "அக்கா, எங்கே தப்பு?" என்று கேட்டவர்கள் உண்டு. நான் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் இந்தப் பின்னலை ஊசியைப் பார்க்காமல் யாராலும் சரிசெய்ய முடியாது. சங்கப் பணத்தில் வாங்கிய வட்ட ஊசிகளில் சில இன்னும் திரும்பவில்லை. அவை யாரிடம் இருக்கின்றன என்பது பதிவேட்டில் கையெழுத்தோடு இருக்கிறது, பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

சந்தாவும் அப்படியே. கணிசமான பேர் ஆண்டு முடிந்தும் கட்டவில்லை, அவர்களில் சிலர் வகுப்பு நூலை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டவர்கள். வரவு செலவைப் பொருளாளர் பார்த்துச் சரி என்றிருக்கிறார். கண்காட்சி வரவில் பெரும்பகுதி நூலுக்கும் ஊசிகளுக்கும் போனது, அறை வாடகை போகக் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. விவரம் வேண்டுவோர் அவரிடம் கேட்கலாம்.

கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய தலைவர் அம்மாவுக்கும், கணக்கைப் பொறுமையாக எழுதிய பொருளாளருக்கும், அறையை எப்போதும் திறந்து வைத்த காவலாளி அண்ணனுக்கும், தேநீர் பொறுப்பை ஏற்ற சகோதரிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குத் திட்டம் உண்டு. பிரியோஷில் கண்ணி கூட்டுவதும் குறைப்பதும் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை. நிட், பர்ல் வரிகள் மாறி மாறி வருவதால், வரிசை கலையாமல் இருக்க ஒரே இடத்தில் இரண்டிரண்டாகத்தான் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். இலை வடிவங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. அதை எடுக்க ஆசைப்படுகிறேன். ஆனால் ஐந்தாறு பேருக்காக அறை வாடகை கட்டச் சங்கத்தால் முடியாது. ஊசியைப் படிக்கக் கற்றவர்கள் ஆளுக்கு ஒரு புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளச் சம்மதித்தால், செயலாளர் பொறுப்பில் இன்னும் ஓராண்டு தொடரத் தயாராக இருக்கிறேன். வேறு யாராவது முன்வந்தால் பதிவேட்டையும் மாதிரித் துண்டுகளையும் இன்றே ஒப்படைக்கிறேன். பழைய சந்தா பாக்கியை இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கட்டலாம். வட்ட ஊசிகளை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், 3.5 மி.மீ. ஊசிகள்தான் குறைகின்றன.

இப்படிக்கு,
செயலாளர்